‘நகை’யை ‘பட்டு’ ஆக்குவது: புடைப்பெழுத்துப் பலகையில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுதல்

கேள்வி: எங்கள் கடைப் பலகையில் ‘லட்சுமி நகை மாளிகை’ என்று தங்க நிறத்தில், தூக்கி நிற்கிற மாதிரி எழுத்து இருக்கிறது. கோட்டுக்கு நடுவில் ஒரு கீற்று, இரண்டு பக்கமும் சரிவு. இப்போது துணி வியாபாரத்துக்கு மாறிவிட்டோம், ‘நகை’யை மட்டும் ‘பட்டு’ என்று மாற்ற வேண்டும். டிசைன் செய்தவரிடம் ஃபைல் இல்லை. 2880 பிக்சல் அகலத்தில் JPG மட்டும்தான் இருக்கிறது, இணைத்திருக்கிறேன். ஃபாண்ட் பெயர் தெரியாது. போட்டோஷாப்பில் டைப் செய்து Bevel & Emboss போட்டுப் பார்த்தேன், புதுச் சொல் மட்டும் ஒட்டவைத்த மாதிரி தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: ஃபாண்ட் கிடைக்கவில்லை என்பதை முதலில் மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றே எழுத்து: ப, ட், டு. அதில் ‘ட்’ உங்கள் படத்திலேயே, ‘லட்சுமி’க்குள் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் வேண்டிய கைகால்கள் பாதிக்கு மேல் அங்கேயே கிடக்கின்றன. பதினெட்டு வருடமாக ஃபிளக்ஸ், பலகை வேலையில் இருக்கிறேன். ஃபைல் தொலைந்த பழைய டிசைனில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி வருபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. புதுச் சொல் ஒட்டவைத்த மாதிரி தெரிவதற்கு அநேகமாக ஃபாண்ட் காரணமாக இருப்பதில்லை. வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழுவதுதான் காரணம். எழுத்தின் வடிவம் கொஞ்சம் மாறியிருந்தால் தெருவில் போகிறவர் கவனிக்க மாட்டார். வெளிச்சம் மாறியிருந்தால், என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று அவர் கண்ணில் படும்.

உங்கள் எழுத்தை ஓட்டு வீட்டுக் கூரையாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓடும் கீற்றுதான் முகடு. அதன் இரண்டு பக்கமும் சரிவு. கோடு முடியும் இடத்தில் மூன்றாவதாக ஒரு முக்கோணச் சரிவு இறங்கும், நாலு பக்கமும் சரிந்த கூரையின் குறுக்குப் பக்கத்தைப் போல. சூரியன் ஓரிடத்தில் நிற்கிறது. ஆகவே ஒரு சரிவு எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதை அது எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது மட்டுமே தீர்மானிக்கும். மேல்நோக்கிய சரிவுகள் எல்லா எழுத்திலும் ஒரே பிரகாசம், வலம் நோக்கியவை எல்லாம் ஒரே மங்கல். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மிச்ச வேலை முழுவதும் அளவெடுப்பதுதான்.

அளவெடுக்கத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது, அதுதான் புள்ளி. ‘ட்’டின் மேலிருக்கும் புள்ளியை 400 சதவிகிதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமான ஒரு புள்ளிக்கு இந்தச் சரிவு போட்டால் அது கூம்பாகிவிடும். கூம்புக்கு எல்லாத் திசையிலும் சரிவு உண்டு. அதாவது எந்தத் திசைச் சரிவுக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற முழுப் பட்டியலும் அந்த ஒரு புள்ளியில் இருக்கிறது. உங்கள் படத்தில் புள்ளியின் விட்டம் 52 பிக்சல். Ruler Tool-ஐ எடுத்து, புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பில் மிகப் பளிச்சென்று இருக்கும் இடம் வரை இழுத்தேன். மேலே A என்ற இடத்தில் 118 டிகிரி காட்டியது. போட்டோஷாப் கோணத்தை வலப்பக்கத்திலிருந்து இடஞ்சுழியாக எண்ணுகிறது: வலம் 0, மேல் 90, இடம் 180. ஆக 118 என்றால் கடிகாரத்தில் பதினோரு மணி இருக்கும் பக்கம். Bevel & Emboss-இல் Angle என்ற பெட்டி கேட்பதும் இதே எண்ணைத்தான்.

கண்ணால் பார்த்துப் பிடித்த பளிச்சிடம் பத்து டிகிரி பிசகலாம், அதனால் இன்னொரு வழியிலும் சரிபார்த்தேன். ‘ட்’டின் இடது கோடும் அடிக்கோடும் சந்திக்கும் மூலைக்குப் பக்கத்தில் நாலு திசைச் சரிவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். Eyedropper-இன் Sample Size-ஐ 3 by 3 Average-இல் வைத்து, Info பலகத்தை HSB-க்கு மாற்றி, B என்ற பிரகாச மதிப்பைப் படித்தேன். மேல்நோக்கிய சரிவு 93, இடம் நோக்கியது 82, வலம் நோக்கியது 54, கீழ்நோக்கியது 43. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தையும் வலத்துக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் வைத்துக் கோணம் கணக்கிடலாம்:

```
atan2(93 − 43, 54 − 82) = 119°
```

புள்ளி சொன்னது 118, மூலை சொல்வது 119. டிசைன் செய்தவர் 120-இல் விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்; பழைய போட்டோஷாப் பதிப்புகளில் தானாகவே வந்து நிற்கும் கோணம் அது, பலரும் அதைத் தொடுவதே இல்லை. நாலு இடத்தையும் ஒரே மூலையில் படித்ததற்குக் காரணம் உண்டு. தங்க நிறம் மேலிருந்து கீழாக மாறிக்கொண்டே போகிறது. மேல்சரிவை எழுத்தின் உச்சியிலும் கீழ்சரிவை அடியிலும் படித்திருந்தால் நிறத்தின் வித்தியாசமும் கணக்கில் கலந்துவிடும்.

Angle விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன், மற்ற எண்களில் அவ்வளவு உறுதி இல்லை. எழுத்துக்கோட்டின் அகலம் 44 பிக்சல், முகடு சரியாக நடுவில் விழுகிறது. ஆகவே Style: Inner Bevel, Technique: Chisel Hard, Size 22 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். இதில் சந்தேகமில்லை, ஏனென்றால் முகடு கத்தி வைத்தது போல் கூராக இருக்கிறது. Smooth போட்டிருந்தால் அது மழுங்கியிருக்கும். ஆனால் Depth எவ்வளவு, Altitude எவ்வளவு, Highlight-இன் Opacity எவ்வளவு என்று படத்தைப் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்துதான் 93-ஐயும் 43-ஐயும் உண்டாக்குகின்றன. வேறு வேறு கூட்டணி ஒரே விளைவைத் தரும். பழைய ஆள் போட்ட எண்ணைத் தேடி அலையாதீர்கள். நாலு சரிவின் பிரகாசமும் பொருந்தினால் உங்களுக்கு அதுவே போதும்.

அந்தப் பொருத்தத்தைப் ‘பட்டு’ எழுதிப் பார்த்துத் தேடக்கூடாது. நீங்கள் செய்த தவறு அங்கேதான் என்று நினைக்கிறேன். புதுச் சொல்லை எழுதி, எண்ணை மாற்றி மாற்றிக் கண்ணால் ஒப்பிட்டிருப்பீர்கள். வேறு வேறு எழுத்துகளை ஒப்பிட்டால் கண் ஏமாறும். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே இருக்கும் ‘ட்’டையே பென் டூலால் சுற்றி வரைந்து, ஒரு Shape லேயராக்கி, அசலின் மேலேயே வையுங்கள். அதற்கு Bevel & Emboss போட்டு, லேயரை Ctrl+G கொடுத்து ஒரு Group-க்குள் வைத்து, அந்த Group-இன் கலப்பு முறையை Difference ஆக்குங்கள்; லேயருக்கே Difference கொடுத்தால் ஸ்டைல் அதில் சேராது. இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகும், வேறுபடும் இடம் வெளிச்சமாகத் தெரியும். முதலில் Angle 120, Altitude 30 என்று வைத்துத் தொடங்கி Depth-ஐ மட்டும் ஏற்றி இறக்குங்கள். பிறகு Highlight, Shadow இரண்டின் Opacity. விளிம்பில் மெல்லிய ஒரு கோடும் JPG-இன் பொரிபொரியும் மட்டும் மிஞ்சும் வரை விடாதீர்கள். நிறத்துக்கு Gradient Overlay போட்டால்தான் முழுதாகக் கறுக்கும். அதில் ஒரு பொறி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எவ்வளவு மாற்றியும் கறுக்கவில்லை என்றால் மறுபடி புள்ளியிடம் போங்கள். கூம்பைச் சுற்றி வரும்போது ஒரு பளிச்சிடம், அதற்கு எதிரே ஒரு மங்கலிடம் என்று மட்டும் இருந்தால் அது சாதாரண ஒளி. பளிச், மங்கல், மறுபடி பளிச் என்று மாறி மாறி வந்தால் Gloss Contour-இல் Ring போன்ற ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். உலோகப் பளபளப்புக்காகத் தங்க எழுத்தில் இதை நிறையப் பேர் செய்வார்கள். பட்டைகள் சுற்றி வரும் திசையில் மாறாமல், விளிம்புக்கு இணையாக வளையம் வளையமாகப் போனால் மாற்றியிருப்பது Gloss Contour இல்லை. கீழே தனியாக இருக்கும் Contour. உங்கள் படத்தில் ஒரு பளிச்சிடம்தான் இருக்கிறது, தப்பித்தீர்கள்.

இனி பழைய சொல்லை அழிப்பது. உங்கள் பின்னணி மேலே கருஞ்சிவப்பு, கீழே இன்னும் கருப்பு. இடவலமாக எந்த மாற்றமும் இல்லை. இதற்குக் குளோன் ஸ்டாம்ப், Content-Aware எதுவும் வேண்டாம். Content-Aware பக்கத்து எழுத்தின் துண்டைக் கொண்டுவந்து நட்டுவிடும், பிறகு அதை அழிக்க இன்னொரு அரைமணி. இரண்டு சொற்களுக்கும் நடுவில் சுத்தமான இடத்தில் ஒரு மெல்லிய செங்குத்துப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, Ctrl+J கொடுத்து, Free Transform-இல் பக்கவாட்டில் மட்டும் இழுத்து ‘நகை’யை மூடிவிடுங்கள். நிழல் வலக்கீழ்ப் பக்கம் 14 பிக்சல் வரை போகிறது, அதற்கு வெளியே இருந்து பட்டையை எடுக்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு 16 பிக்சல் தள்ளி எடுப்பது நல்லது. JPG படத்தை 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது, நிறத்தைப் பெரும்பாலும் 16 பிக்சல் கட்டமாக. எழுத்தைத் தொட்ட கட்டத்துக்குள் தங்கப் பொடி சிந்தியிருக்கும். அந்தப் பொடியை இழுத்தால் முழுநீளக் கோடுகளாக நீளும்.

இப்போது ‘ட்’. அசலிலிருந்து நிழலோடு, பின்னணியோடு ஒரு செவ்வகமாகவே வெட்டி, Shift-ஐப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் நகர்த்துங்கள். பின்னணி இடவலமாக மாறாததாலும், தங்க நிறம் மேல்கீழாக மட்டும் மாறுவதாலும், அதே வரிசையில் எங்கே வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். விளிம்பில் இரண்டு மூன்று பிக்சல் மென்மையான மாஸ்க் போதும். அரைப் பிக்சல் கூட மேலே கீழே ஏறக்கூடாது. ஏறினால் பின்னணியில் பட்டை தெரியும்.

‘ப’வுக்குத் தைரியமாக வெட்டி ஒட்டலாம். அதன் இடது கோடும் அடிக்கோடும் ‘ட்’டிலிருந்து வரும், புள்ளியை விட்டுவிடுங்கள். வலது கோட்டுக்கு ‘மாளிகை’யின் ‘மா’வில் உள்ள கால் இருக்கிறதே, அதன் வலப்பக்க நிமிர்ந்த கோட்டை எடுங்கள். பிரச்சினை கீழ் வலது மூலைதான். ‘ட்’டின் அடிக்கோடு வலப்பக்கம் முடியும் இடத்தில் முக்கோணச் சரிவு இருக்கிறது, காலின் அடியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டையும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் மூலையில் இரண்டு கூரை மோதிக்கொண்டு நிற்கும். ஆசாரி கண்ணாடிச் சட்டத்தின் மூலையைச் சேர்ப்பது போலச் செய்யுங்கள். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்திவிட்டு, வெளிமூலையிலிருந்து உள்மூலைக்கு 45 டிகிரியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே காலின் துண்டு, கீழே அடிக்கோட்டின் துண்டு என்று வெட்டுங்கள். இரண்டு துண்டின் முனை முக்கோணமும் அந்த ஒரே வெட்டில் மொத்தமாகப் போய்விடும், முகடுகள் சரியாக மூலையில் திரும்பிச் சேரும். இரண்டு கோட்டின் அகலமும் சமம் என்பதால்தான் இப்படி அமைகிறது. உங்கள் படத்தில் நிமிர்ந்த கோடும் படுத்த கோடும் இரண்டும் 44. அகலம் வேறுபட்ட எழுத்தில் முகடு சேராது, அங்கே இந்தத் தந்திரம் பலிக்காது.

அடிக்கோடு நீளம் போதவில்லை என்றால் நடுவில் ஒரு துண்டைப் பிடித்து நீளவாக்கில் இழுக்கலாம். நேர்கோட்டைத் தன் போக்கிலேயே நீட்டினால் சரிவு பார்க்கும் திசை மாறுவதில்லை, வெளிச்சமும் மாறாது. குறுக்கே இழுத்துக் கோட்டைத் தடிமனாக்காதீர்கள், முகடு பட்டையாகிவிடும். அதைவிட முக்கியமாக, எந்தத் துண்டையும் Flip செய்யாதீர்கள், சுழற்றாதீர்கள். இடது கோட்டைத் திருப்பிப் போட்டால் வலது கோடு கிடைத்துவிடுமே என்று கை துறுதுறுக்கும். ஆரம்ப காலத்தில் ஒரு மிட்டாய்க் கடைப் பலகைக்கு அப்படிச் செய்தேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த ஒரு எழுத்து மட்டும் உள்ளே அமுங்கி இருக்கே” என்றார். அவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பார்த்தது சரி. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. ஒளியும் நிழலும் இடம் மாறினால் மேடு பள்ளமாகத் தெரியும்.

‘டு’வில்தான் வெட்டி ஒட்டுவது நிற்கிறது. அதன் உகர வளைவுக்குச் சரியான துண்டு உங்கள் படத்தில் இல்லை. ‘சு’வின் உகரம் வேறு வடிவம், ‘ளி’யின் வளைவு வேறு திசையில் திரும்புகிறது. வளைவு என்பது நொடிக்கு நொடி திசை மாறும் சரிவு, ஆகவே வேறு இடத்து வளைவைச் சுழற்றிப் பொருத்தினால் வெளிச்சம் உடனே காட்டிக்கொடுக்கும். ஆகவே ‘டு’வை முழுவதும் பென் டூலால் வரைய வேண்டும். நேர்ப்பகுதிக்கு ‘ட்’டின் மேலேயே தடம் வையுங்கள். வளைவுக்கு, தோற்றத்தில் நெருக்கமான ஏதாவது தமிழ் ஃபாண்டில் ‘டு’ அடித்து அடியில் மங்கலாக வைத்துப் பார்த்து வரையலாம். யூனிகோட் ஃபாண்டில் அடிக்கும்போது உயிர்மெய்க் குறிகள் கலைந்து வந்தால் Preferences-இல் Type பகுதிக்குப் போய், பழைய பதிப்பில் Middle Eastern and South Asian, புதியதில் World-Ready Layout என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோட்டின் அகலம் வளைவு முழுவதும் 44 இருக்கிறதா என்று மூன்று நாலு இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 40 ஆனால் முகடு அங்கே தாழ்ந்து நெளியும். தட்டையான எழுத்தில் தெரியாத பிசகுகூட இந்தக் கூரையில் தெரிந்துவிடும். பிறகு ‘ட்’டை வைத்துப் பொருத்திய அதே லேயர் ஸ்டைலை Copy Layer Style, Paste Layer Style கொடுத்து இதற்குப் போடுங்கள். வளைவில் வெளிச்சம் சரியாக வந்ததா என்று பார்க்கப் புள்ளி இருக்கிறது: வளைவில் எந்த இடம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, புள்ளியில் அதே திசையில் இருக்கும் பிரகாசத்தோடு அது ஒத்துப்போக வேண்டும்.

அப்படியானால் மூன்றையுமே ஸ்டைலில் வரைந்துவிடலாமே என்று கேட்பீர்கள். Difference-இல் நன்றாகக் கறுத்திருந்தால் தாராளமாகச் செய்யலாம், வேலை சீக்கிரம் முடியும். இருந்தும் நான் வெட்டி ஒட்ட முடிந்ததை வெட்டித்தான் ஒட்டுவேன். அசல் துண்டில் அந்தப் படத்தின் மங்கலும் பொரியும் சேர்ந்தே வரும், அவற்றைப் பொய்யாக உண்டாக்க வேண்டியதில்லை. மேலும் அசல் ‘ட்’ பக்கத்திலேயே நிற்பதால் ‘டு’ எங்கே தப்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

இப்போது முன்பு சொன்ன பொறி. தங்க நிறத்துக்கு Gradient Overlay போட்டால் அதில் Align with Layer டிக் ஆகியிருக்கும். நிறம் அந்த லேயரின் உச்சியிலிருந்து அடிவரை பரவும். பழைய டிசைனில் முழு வரியும் ஒரே லேயராக இருந்திருக்கும். அதன் உச்சி ‘மி’, ‘ளி’ ஆகியவற்றின் மேல் வளைவு, அடி ‘சு’வின் கீழ்ப்பகுதி. உங்கள் ‘டு’ லேயரின் உச்சியும் அடியும் வேறு. ஒரே நிறங்களைப் போட்டாலும் நடுவில் இருக்கும் அந்த வெளிர் மஞ்சள் பட்டை ‘டு’வில் மேலேயோ கீழேயோ தள்ளி விழும். நீங்கள் அனுப்பிய உங்கள் முயற்சியில் இதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. Layer Style சாளரம் திறந்திருக்கும்போதே படத்தின் மேல் மவுஸை வைத்து இழுத்தால் நிறப்பரப்பு நகரும். Scale-ஐயும் மாற்றி, பட்டை பக்கத்து ‘ட்’டின் பட்டையோடு ஒரே கோட்டில் வரும்வரை சரிசெய்யுங்கள். ‘ட்’டின் மேல் சோதனை செய்யும்போதும் இதே கதைதான், அங்கேயே ஒருமுறை பழகிக்கொள்வீர்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. ‘நகை’ 610 பிக்சல் பிடித்திருந்தது. ப, ட், டு மூன்றும் பழைய இடைவெளியோடு 654 வருகிறது. 44 பிக்சல் கூடுதல். இரண்டு பக்கமும் 90 பிக்சல் சொல்லிடைவெளி இருப்பதால் பக்கத்துக்கு 22 போனால் 68 மிஞ்சும், போதும். எழுத்தைச் சுருக்கிப் பொருத்த நினைக்காதீர்கள். பக்கவாட்டில் சுருக்கினால் நிமிர்ந்த கோடு மட்டும் மெலியும். ஸ்டைல் போட்ட லேயரைச் சுருக்கினாலோ எழுத்து சுருங்கும், Size 22 அப்படியே நிற்கும்.

கடைசியாக, ‘டு’ மற்ற எழுத்துகளைவிடத் தெளிவாக இருக்கும். அசல் இரண்டு மூன்று முறை JPG ஆகி வந்திருக்கிறது, உங்களுடையது இப்போதுதான் பிறந்தது. லேயரை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, இன்னொன்றை Rasterize Layer Style கொடுத்து, Gaussian Blur 0.4 பிக்சல் அளவில் தொடங்கி, முகட்டின் கூர்மை பக்கத்து எழுத்தோடு ஒன்றும்வரை கூட்டுங்கள். Add Noise ஒரு சதவிகிதம் போதும். நிழலை லேயர் ஸ்டைலிலேயே Drop Shadow-ஆகப் போட்டால் Use Global Light-ஐ டிக் செய்துவிடுங்கள், 120-ஐ அதுவும் எடுத்துக்கொள்ளும். இதில் மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். எட்டடி பலகைக்கு 2880 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே, சுமார் 0.85. விளிம்பில் ஒரு பிக்சல் பிசகு எதிர் பிளாட்பாரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. தெரிவது வெளிச்சமும் நிறப்பட்டையும்தான். படத்தைத் திரையில் 12 சதவிகிதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள்; அந்த அளவிலும் ‘பட்டு’ தனியாகத் துருத்தினால் தவறு இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.

போட்டோஷாப் இல்லாதவர்கள் ஃபோட்டோபீயாவில் இதைச் செய்யலாம்; உலாவியிலேயே ஓடுகிறது, Bevel & Emboss பலகமும் ஏறக்குறைய இதேதான். எண்களை மட்டும் அப்படியே எடுத்துப் போடாமல் ‘ட்’ சோதனையை அங்கே மறுபடி நடத்த வேண்டும்.

இவ்வளவும் கணினியில் செய்த எழுத்துக்குத்தான். உங்கள் படம் அப்படிப்பட்டது என்பதில் ஐயமில்லை, எல்லாச் சரிவும் விதிக்குக் கட்டுப்படுகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது நிஜமான பித்தளை எழுத்தை, அல்லது கண்ணாடி போல் பளபளக்கும் அக்ரிலிக் எழுத்தைக் கேமராவில் எடுத்த படத்தோடு உட்கார்ந்தால் பாதி வழியில் சிக்கிக்கொள்வார்கள். அங்கே பளபளப்பு என்பது எதிரே இருக்கும் வானமும் மின்கம்பமும் பேருந்தும் எழுத்தில் தெரிவது. ஒரே திசை பார்க்கும் இரண்டு சரிவு வேறு வேறு பிரகாசத்தில் இருக்கும், புள்ளியைப் படித்தாலும் அந்த இடத்துக்கு மட்டுமே அது பொருந்தும். சாய்வாக எடுத்த படமாக இருந்தால் இடப்பக்க எழுத்தை வலப்பக்கம் நகர்த்தவும் முடியாது, அளவு மாறிவிடும். முதலில் அதை நேராக்கி, வேலையை முடித்து, மறுபடி சாய்க்க வேண்டும். அந்த மாதிரி வேலை வந்தால் நான் ஆளை அனுப்பிப் பலகையை நேராக நின்று, மேகமூட்டமான நேரத்தில், மறுபடி படமெடுக்கச் சொல்லிவிடுவேன்.